மேல் வீட்டுக் குளியலறை, கீழ் வீட்டுக் கூரை: ஒரு நீர்க்கசிவு வழக்கு தீர்ந்த விதம்

இது சென்னையின் தென்பகுதியில் உள்ள ஓர் அடுக்ககத்தில் நடந்தது. தரைத்தளம் முழுக்க வண்டி நிறுத்தம், அதற்கு மேல் நான்கு மாடிகள், மாடிக்கு நான்கு வீடு. கட்டி முடித்துப் பதினைந்து வருடம் ஆகிவிட்டது. அந்தக் கட்டடத்தில் குடியிருக்கும் சிவில் எஞ்சினியர் என்ற முறையில் குடியிருப்போர் சங்கம் இந்தப் பிரச்சினையை என்னிடம் ஒப்படைத்தது. சம்பந்தப்பட்டவர்களின் அனுமதியோடு, பெயர்களை விட்டுவிட்டு, நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பின்னணி

கீழ் வீடு இரண்டாம் மாடி. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரும் அவர் கணவரும் சொந்தமாக வாங்கிக் குடியிருக்கிறார்கள். கட்டடத்தில் எல்லோரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். மேல் வீட்டின் உரிமையாளர் பெங்களூரில் வேலையில் இருக்கிறார். வீட்டில் வாடகைக்கு ஒரு குடும்பம் இருக்கிறது.

டீச்சர் வீட்டுப் பொதுக் குளியலறைக் கூரையில் பி.வி.சி. பலகை அடித்து மறைத்திருந்தார்கள். ஒரு நாள் அந்தப் பலகையின் மூலையிலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. அதற்குச் சில மாதம் முன்பே குளியலறையை ஒட்டிய நடையின் சுவரில் ஓதம் ஏறி, பெயின்ட் கொப்பளித்து உதிர்ந்துகொண்டிருந்தது. டீச்சர் இரண்டையும் ஒரே பிரச்சினையாக எடுத்துக்கொண்டார். மேலே இருந்து வருகிறது, மேல் வீட்டுக்காரர்தான் முழுச் செலவும் செய்ய வேண்டும் என்பது அவர் பக்கம்.

மேல் வீட்டில் கேட்டால், "எங்க பாத்ரூம்ல ஒரு குழாய்கூட ஒழுகலையே சார், நீங்களே வந்து பாருங்க" என்றார்கள். போய்ப் பார்த்தால் உண்மைதான், தரை பளிச்சென்று இருந்தது. உரிமையாளர் தொலைபேசியில் வேறொன்று சொன்னார். தளம் கட்டடத்துக்குப் பொது, வாட்டர்ப்ரூஃபிங் போட்டது பில்டர், ஆகவே சங்கம்தான் பார்க்க வேண்டும் என்றார். சங்கமோ, இது இரண்டு வீட்டுக்காரர்களின் சொந்த விவகாரம் என்று அதுவரை ஒதுங்கியே இருந்தது.

பில்டரிடம் போக வழியில்லை. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், பிரிவு 14(3), வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் சுட்டிக்காட்டப்படும் கட்டுமானக் குறைகளை பில்டர் முப்பது நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும் என்கிறது. எங்கள் கட்டடம் அந்தச் சட்டத்துக்கு முந்தையது, ஐந்து வருடமும் எப்போதோ கடந்துவிட்டது. சங்கத்தின் விதிகளில் "வீட்டின் உட்புறப் பழுதுகள் உரிமையாளர் பொறுப்பு" என்று ஒரே ஒரு வரி இருந்தது. தண்ணீர் ஒருவர் தரையில் தொடங்கி இன்னொருவர் கூரையில் முடியும்போது உட்புறம் எது என்று அது சொல்லவில்லை.

முதலில் கண்டது

பி.வி.சி. பலகையைக் கழற்றச் சொன்னேன். உள்ளே நிலைமை எல்லோரும் நினைத்ததைவிட மோசம். கூரைப் பூச்சில் உப்பு வெள்ளையாகப் பூத்து, ஒரு முழ அகலத்துக்குக் காரை பிரிந்து விழுந்திருந்தது. இரண்டு கம்பிகள் துருவேறி வெளியே தெரிந்தன. இது ஒரு மாதத்தில் ஆகிற காரியம் இல்லை. பலகை அதை வருடக்கணக்கில் மறைத்து வைத்திருக்கிறது.

டீச்சர் ஒரு நோட்டில் எப்போது சொட்டுகிறது என்று எழுதி வைத்திருந்தார். காலையில் மேலே குளிக்கும் நேரத்திலும் சொட்டியது, நடு இரவிலும் சொட்டியது. மேல் வீட்டுக் குடும்பம் இரண்டு நாள் ஊருக்குப் போயிருந்தபோதும் நிற்கவில்லை. "நாங்க ஊர்லயே இல்லாதப்பவும் ஒழுகுதுன்னா அது எங்க தண்ணியா எப்படி இருக்கும்?" என்று அவர்கள் கேட்டார்கள். கேட்பவர்களுக்கு நியாயமாகத்தான் படும். ஆனால் இங்கேதான் இந்தக் கட்டுமான முறையைப் புரிந்துகொள்ள வேண்டும்.

நம் ஊர் அடுக்ககங்களில் குளியலறைத் தளத்தை மற்ற அறைகளைவிடச் சுமார் ஓர் அடி பள்ளமாகப் போடுவார்கள். கொத்தனார்கள் சங்கன் என்பார்கள். கழிவுநீர்க் குழாய்கள் அந்தப் பள்ளத்துக்குள் ஓடும். மேலே செங்கல் ஜல்லியைக் கொட்டி நிரப்பி, அதன் மேல் கான்கிரீட், டைல்ஸ். எங்கள் கட்டடத்தில் குளியலறை ஐந்துக்கு ஏழு அடி. ஓர் அடி ஆழத்துக்கு 35 கன அடி, அதாவது ஏறக்குறைய 990 லிட்டர் கொள்ளளவு. ஜல்லிக்கு நடுவே இருக்கும் இடைவெளி மூன்றில் ஒரு பங்கு என்று வைத்தாலும் முந்நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் அதற்குள் நிற்கலாம். மேலே தரை காய்ந்திருக்கும், கீழே அந்தத் தொட்டி நிறைந்திருக்கும். அது மெதுவாக வடிந்துகொண்டே இருக்கும். அதனால் யாரும் குளிக்காத நாளில் ஒழுகியது என்பது மேல் வீட்டை விடுவிக்கிற சாட்சி ஆகாது. அதேபோல், ஒழுகும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை என்றும் சொல்ல முடியாது. தண்ணீர் பள்ளத்தில் பரவி, தளத்தில் எங்கே பலவீனமோ அங்கே இறங்கும்.

இதை மேல் வீட்டு வாடகைக் குடும்பத்துக்கு ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினேன். தங்கள் மேல் பழி வந்துவிடுமோ என்ற பயம்தான் அவர்களுக்கு இருந்தது. சோதனையின் செலவு எதுவும் உங்களைச் சேராது என்று சங்கம் எழுதிக் கொடுத்த பிறகு முழு ஒத்துழைப்புக் கொடுத்தார்கள். வீட்டில் இன்னொரு குளியலறை இருந்ததும் உதவியாகப் போயிற்று.

உடைக்கும் முன் செய்த சோதனைகள்

இப்படிப்பட்ட சமயத்தில் பிளம்பர்கள் முதலில் சொல்வது "உடைச்சுப் பார்த்துடலாம் சார்" என்பதுதான். உடைத்துவிட்டால் எது காரணம் என்ற ஆதாரமும் சேர்ந்து போய்விடும், யார் செலவு செய்வது என்ற சண்டை மட்டும் மிஞ்சும். ஆகவே முதலில் உடைக்காமல் செய்யக்கூடியதை எல்லாம் செய்வது என்று முடிவெடுத்தோம். சோதனைச் செலவைச் சங்கம் ஏற்றுக்கொண்டது. காரணம் தெரியாத நிலையில் அதை யார் தலையில் கட்டினாலும் அவர் முன்கூட்டியே குற்றவாளி ஆகிவிடுவார்.

முதலில் நல்ல தண்ணீர்க் குழாய். எல்லா வாய்களையும் அடைத்து, கைப்பம்பு வைத்து 3 கிலோ அழுத்தம் ஏற்றி ஒரு மணி நேரம் பார்த்தோம். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து மூன்றாம் மாடிக்கு வரும் அழுத்தம் ஒரு கிலோவுக்குள்தான். முள் அசையவில்லை. சுவருக்குள் இருக்கும் குழாய் நன்றாக இருக்கிறது.

அப்புறம் அந்தக் குளியலறையை உபயோகிக்காமல் பூட்டி வைத்தோம். சொட்டு குறைந்துகொண்டே வந்து ஒரு வாரத்துக்குச் சற்று மேல் ஆனதும் கூரையில் நின்றே போனது. ஆனால் நடையின் சுவர் மட்டும் துளியும் காயவில்லை. தொட்டால் முன்பு போலவே சில்லென்று ஈரமாக இருந்தது. இந்த இடத்தில்தான் இரண்டு பிரச்சினை இருக்கலாம் என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

கூரை காய்ந்த பிறகு சாயத் தண்ணீர் சோதனை. இதற்குச் சிவப்புச் சாயம் வேண்டாம். செங்கல் ஜல்லி வழியாக வரும் தண்ணீரே செம்மண் நிறத்தில் வரும், பார்ப்பவர்கள் ஏமாந்துவிடுவார்கள். முதலில் நீலச் சாயம் கலந்த தண்ணீரை, தரையில் படாமல், தரைத் தண்ணீர் இறங்கும் நஹானி ட்ராப்பின் குழாய்க்குள் நேராக ஊற்றினோம். ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தும் கீழே ஒன்றும் வரவில்லை. கழிவுநீர்க் குழாயும் அதன் இணைப்புகளும் சரி.

அடுத்தது தரை. ட்ராப்பைச் சுற்றி ஓர் அடி விட்டத்துக்குக் களிமண்ணால் வரப்புக் கட்டினோம். முதலில் வரப்புக்கு வெளியே மட்டும் ஒரு அங்குலத் தண்ணீர் நிறுத்தி, சுவரில் பென்சிலால் கோடு போட்டோம். மறுநாள் பார்க்கையில் கோட்டுக்கு ஒட்டியே இருந்தது, ஆவியான அளவுதான் குறைவு. அதை இறைத்துவிட்டு, ட்ராப்பின் குழாய்வாயைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிய பந்தால் அடைத்து, வரப்புக்கு உள்ளே மட்டும் பச்சைச் சாயத் தண்ணீர் நிறுத்தினோம். மதியத்துக்குள் அது காலியானது. திரும்ப நிரப்பினோம், திரும்பவும் இறங்கியது. அடுத்த நாள் இரவு டீச்சர் வீட்டுக் கூரையில், துருவேறிய கம்பியின் நுனியில், பச்சையாக ஒரு சொட்டு நின்றது. டீச்சரின் கணவர் அதை கைப்பேசியில் படம் எடுத்து பெங்களூருக்கு அனுப்பிவிட்டார்.

ட்ராப்பின் ஜாலியைத் தூக்கிப் பார்த்ததும் காரணம் விளங்கியது. சில வருடம் முன் உரிமையாளர் பழைய டைல்ஸை உடைக்காமல் அதன் மேலேயே புது டைல்ஸ் ஒட்டியிருக்கிறார். தரை ஒரு அங்குலம் உயர்ந்துவிட்டது. பழைய ட்ராப்பின் விளிம்பு கீழேயே நிற்கிறது, புது ஜாலி மேலே உட்கார்ந்திருக்கிறது. நடுவில் இருந்த வட்ட இடைவெளியை வெறும் சிமென்ட் வைத்துப் பூசியிருந்தார்கள். அது சுருங்கி விரிசல் விட்டு, விரல் நகம் நுழையும் அளவுக்குத் திறந்திருந்தது. குளிக்கும் தண்ணீர் முழுக்க அந்த ஜாலியை நோக்கித்தான் ஓடும். அதில் ஒரு பங்கு ஒவ்வொரு முறையும் குழாய்க்குள் போகாமல் இரண்டு டைல்ஸுக்கு நடுவே புகுந்து சங்கனுக்குள் இறங்கியிருக்கிறது. டைல்ஸ் மேல் டைல்ஸ் ஒட்டிய எந்தக் குளியலறையிலும் நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்த இடத்தைத்தான்.

நடையின் சுவர்

குளியலறைக்கும் நடைக்கும் பின்னால் ஒரு டக்ட் இருக்கிறது. எல்லா மாடிக் கழிவுக் குழாய்களும் அதன் வழியாகத்தான் இறங்குகின்றன. மேலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது இரண்டாம் மாடி மட்டத்தில் பொதுக் குழாயின் இணைப்பைப் பிளந்துகொண்டு ஓர் அரசங்கன்று வளர்ந்திருந்தது. வேர் குழாய்க்குள் போயிருந்தது. மேலே இருக்கும் வீடுகளின் தண்ணீர் அங்கே கசிந்து சுவரில் வழிந்து டீச்சர் வீட்டு நடைக்குள் ஊறியிருக்கிறது. அந்தக் குழாய் எந்தத் தனி வீட்டுக்கும் சொந்தமில்லை. இது முழுக்கச் சங்கத்தின் கணக்கு.

டீச்சருக்கு இது ஏமாற்றமாக இருந்தது. மேல் வீட்டின் மேல் அவர் வைத்திருந்த குற்றச்சாட்டில் பாதி கழன்றுவிட்டது. ஆனால் பெங்களூர்க்காரருக்கும், முழுக்கப் பொது விஷயம் என்ற வாதம் அந்தப் பச்சைச் சொட்டோடு முடிந்துபோனது. இரண்டு பேருமே கொஞ்சம் இறங்கி வந்தார்கள் என்பதால்தான் உட்கார்ந்து பேச முடிந்தது.

செலவைப் பிரித்த முறை

டீச்சர் வீட்டு ஹாலில் கூடினோம், உரிமையாளர் வீடியோவில் வந்தார். நான் வைத்த யோசனை இதுதான்: வீட்டின் எல்லையைப் பார்த்துச் செலவைப் பிரிக்க வேண்டாம், ஒவ்வொரு பொருளும் யாருக்குப் பயன்படுகிறது, யார் கைவைத்ததால் கெட்டது என்று பார்த்துப் பிரிப்போம்.

தளத்துக்கு மேலே இருக்கும் எல்லாமும், அதாவது சங்கன் நிரப்பல், வாட்டர்ப்ரூஃபிங், ட்ராப், டைல்ஸ், மேல் வீட்டுக்கு மட்டுமே பயன்படுபவை. கெட்டதும் அவர் செய்த மாற்றத்தால். எனவே அந்த 88,000 ரூபாயும் அவருடையது. டீச்சர் வீட்டுக் குளியலறைக் கூரைக்குப் பூச்சும் பெயின்ட்டும் 9,000. அந்தப் பழுது மேலிருந்து வந்ததால் அதுவும் அவருடையது. டக்ட் குழாயை மாற்றுவது, கயிற்றுச் சாரம், நடையின் சுவர், மொத்தம் 22,000. அது சங்கத்துடையது.

இழுபறி வந்தது கம்பி துருவேறிய தளத்தில். 16,000 ரூபாய் வேலை. தளம் கட்டடத்தின் உடல், அதை எந்தத் தனி வீட்டுக்காரரும் தன் இஷ்டப்படி பூசி மூடிவிடக் கூடாது, சங்கமே ஆள் வைத்துச் செய்ய வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். பணம் யாருடையது என்பதுதான் கேள்வி. துரு அந்த டைல்ஸ் வேலைக்கு முன்பே எவ்வளவு இருந்தது, பிறகு எவ்வளவு சேர்ந்தது என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது. பேசிப் பேசி, சங்கம் பாதி, மேல் வீட்டு உரிமையாளர் பாதி என்று முடிந்தது.

டீச்சர் பங்குக்கு பி.வி.சி. பலகையைத் திரும்பப் போடும் செலவு மட்டும். பலகை மறைத்ததால் கசிவு வெகுநாள் வெளியே தெரியாமல் போயிற்று என்பதை அவர் ஒப்புக்கொள்ளச் சற்று நேரம் ஆனது. "நான் அழகுக்குத்தானே போட்டேன் சார்" என்றார். அவர் மனம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் அந்தச் செலவை இன்னொருவர் மேல் ஏற்ற நியாயம் இல்லை.

வழக்குப் போடலாமா என்ற பேச்சும் வந்தது. சிவில் நீதிமன்றத்தில் பழுதைச் சரிசெய்ய உத்தரவு கேட்கலாம்தான். ஆனால் தீர்ப்பு வரும்வரை கம்பி காத்திருக்காது. பேசி முடித்ததை ஒரு பக்கத்தில் எழுதினோம். யார் எவ்வளவு, வேலை எப்போது தொடங்கும், எந்தக் கட்டத்தில் யார் வந்து பார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்று. உரிமையாளர் மின்னஞ்சலில் சம்மதம் அனுப்பினார். வாடகைக் குடும்பத்துக்கு வேலை நடக்கும் நாட்களுக்கு வாடகையில் ஒரு தொகை கழித்துக்கொள்ள அவர் ஒத்துக்கொண்டதையும் அதில் சேர்த்தோம்.

வேலை நடந்தது

தரையை உடைத்தபோது ஜல்லி கறுத்து நாற்றமடித்தது. பில்டர் போட்ட வாட்டர்ப்ரூஃபிங் பூச்சு தளத்தில் மட்டும் இருந்தது, பக்கச் சுவர்களில் ஏற்றிப் பூசவில்லை. ஆக, ட்ராப்பில் விரிசல் விட்டதும் தடுக்க வேறெதுவும் இல்லாமல் போயிருக்கிறது. இதைக் காட்டி உரிமையாளர் மறுபடி பில்டரைப் பற்றிப் பேசினார், ஆனால் எழுதியதை மாற்றச் சொல்லவில்லை.

சங்கனைச் சுத்தமாகக் காலி செய்து, மூலைகளைச் சிமென்ட் கலவையால் வளைவாக்கி, குழாய் சுவரைத் துளைத்துப் போகும் இடங்களைத் தனியாக அடைத்து, இரண்டு கோட் வாட்டர்ப்ரூஃபிங்கைச் சுவரிலும், டைல்ஸ் போட்டபின் வரும் தரை மட்டத்துக்கு மேல் ஓர் அடி வரை ஏற்றினோம். அதன் பிறகு, நிரப்புவதற்கு முன், 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்தினோம். முதல் தடவை தேறவில்லை. டீச்சர் வீட்டுக் கூரையில் குழாய் மூலையில் உள்ளங்கை அளவு ஈரம் தெரிந்தது. ஒப்பந்தக்காரர் "பழைய ஈரமா இருக்கும்" என்று தட்டிக்கழிக்கப் பார்த்தார். ஒப்புதல் இல்லாமல் அடுத்த கட்டம் இல்லை என்று தாளில் எழுதியிருந்ததால் தண்ணீரை இறைத்து, காயவைத்து, அந்த மூலையை மறுபடி பூசினார்கள். இரண்டாம் சோதனையில் கூரை காய்ந்தே இருந்தது. டீச்சர் தானே நாற்காலி போட்டு ஏறித் தொட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு விஷயங்கள் கூடுதலாகச் செய்தோம். சங்கனின் அடிமட்டத்திலிருந்து டக்ட்டுக்கு ஓர் அங்குலக் குழாய் விட்டோம். நாளைக்கு உள்ளே தண்ணீர் சேர்ந்தால் கீழ் வீட்டுக் கூரைக்குப் போவதற்குள் டக்ட்டில் சொட்டும், கண்ணுக்குத் தெரியும். நிரப்புவதற்கு முன் குழாய்கள் ஓடும் பாதையை அளவுடன் படம் எடுத்துச் சங்கத்தில் வைத்தோம்.

கீழே, தளர்ந்த காரையைத் தட்டி எடுத்து, கம்பியைப் பளபளப்பு வரும்வரை கம்பித் தூரிகையால் தேய்த்து, துருத் தடுப்புப் பூச்சுக் கொடுத்து, பாலிமர் கலவையால் மூடினார்கள். கம்பியின் விட்டம் பெரிதாகக் குறையவில்லை, அதனால் கூடுதல் கம்பி கட்டத் தேவைப்படவில்லை. பெயின்ட்டுக்கு மட்டும் இரண்டு மாதம் பொறுக்கச் சொன்னேன். ஈரம் உள்ளே இருக்கும்போது அடித்தால் எந்த பெயின்ட்டும் உரிந்துவிடும், அப்புறம் கசிவு திரும்ப வந்ததா, பழைய ஈரமா என்ற சண்டை புதிதாகத் தொடங்கும்.

பிறகு

வடகிழக்குப் பருவமழை முழுதும் கழிந்த பின் கூரையையும் நடையையும் பார்த்தோம். கூரை சுத்தமாக இருந்தது. நடையின் சுவரில் அடிப்பகுதியில் மட்டும் லேசாக உப்புப் பூத்திருந்தது. சுவருக்குள் ஏற்கெனவே தங்கிய ஈரம் வெளியேறுவதுதான், துடைத்துவிட்டால் போதும். அதற்குப் பிறகு பெயின்ட் அடித்தார்கள். பலகையைத் திரும்பப் போட்டபோது டீச்சர் தானாகவே அதில் திறந்து பார்க்க ஒரு கதவு வைக்கச் சொன்னார்.

சங்கம் பொதுக்குழுவில் விதிகளைத் திருத்தியது. கசிவுப் புகார் வந்தால் சங்கமே தன் செலவில் சோதனை செய்யும், காரணம் தனி வீட்டில் என்று தெரிந்தால் அந்தச் செலவும் அந்த வீட்டைச் சேரும். சோதனைக்கு வீட்டைத் திறந்துவிட உரிமையாளரும் வாடகைதாரரும் கடமைப்பட்டவர்கள். குளியலறைத் தரையில் கைவைக்கும் முன் சங்கத்துக்குத் தெரிவித்து, முடிந்ததும் 48 மணி நேரத் தண்ணீர்ச் சோதனையைக் கீழ் வீட்டார் முன்னால் செய்ய வேண்டும். டக்ட்டுகளை மழைக்கு முன்னும் பின்னும் மேலிருந்து பார்த்து, முளைக்கும் கன்றுகளை வேரோடு எடுக்க வேண்டும்.

இன்னொரு முறை இப்படி ஒரு புகார் வந்தால் வரிசையை நான் மாற்றுவேன். டக்ட்டைப் பார்ப்பது ஒரு டார்ச்சும் பத்து நிமிடமும் ஆகிற வேலை. அதை முதலிலேயே செய்துவிட்டால் பொதுக் கசிவையும் தனிக் கசிவையும் ஆரம்பத்திலேயே பிரித்துவிடலாம், இரண்டு வீட்டுக்காரர்களும் ஒருவரையொருவர் குற்றம் சொல்லும் காலமும் குறையும். செலவுப் பிரிவில் தளத்துக்கான பாதிப் பாதி என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. கம்பி தெரியாமல் வெறும் பூச்சு மட்டும் கெட்டிருந்தால் முழுவதையும் மேல் வீட்டாரிடமே கேட்டிருப்பேன். கட்டடம் ஐந்து வருடத்துக்கு உட்பட்டதாக இருந்து, யாரும் தரையில் கைவைக்காமல் இருந்திருந்தால், பக்கச் சுவரில் ஏறாத அந்த வாட்டர்ப்ரூஃபிங்கைக் காட்டி பில்டருக்குத்தான் முதல் கடிதம் போயிருக்கும்.

எங்கள் கட்டடத்தில் டைல்ஸ் மேல் டைல்ஸ் ஒட்டிய குளியலறைகள் இன்னும் சில இருக்கின்றன. அந்த வீடுகளில் ஜாலியைத் தூக்கி, பழைய ட்ராப்பின் மேல் உயரத்தைக் கூட்டும் வளையம் பொருத்தி, சுற்றிலும் எபாக்ஸி க்ரௌட் நிரப்பும் வேலையை இப்போது ஒவ்வொன்றாகச் செய்துவருகிறோம். ஒரு குளியலறைக்கு அரை நாள்தான் ஆகிறது, தரையை உடைக்க வேண்டியதில்லை.